மலை ஏறும்போது பாட்டிலில் கூலன்ட் கொதிக்கிறதா? முதலில் மூடியைப் பாருங்கள்

போன மே மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். மாமாவின் பழைய பெட்ரோல் கார், உள்ளே ஐந்து பேர், ஏசி வேறு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் அணையைப் பார்க்க நிறுத்தினால், பானட்டுக்கு அடியில் களக் களக்கென்று சத்தம். தூக்கிப் பார்த்தால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் கூலன்ட் குமிழ் விட்டபடி விளிம்பு வரை ஏறி நிற்கிறது. டேஷ்போர்டில் வெப்ப முள் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பினோம். இருபதாவது வளைவுக்குள் முள் சிவப்புக்குப் போய், எச்சரிக்கை விளக்கும் எரிந்துவிட்டது.

“டேய், தண்ணி குறைஞ்சிருக்கும், ஊத்துனா சரியாயிடும்” என்றார் மாமா. தண்ணீர் குறைந்திருந்தது உண்மைதான். ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி.

இங்கே எது முதலில் நடந்தது என்று கவனியுங்கள். பாட்டில் முதலில் கொதித்தது, முள் பிறகுதான் ஏறியது. ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ ஃபேன் ஓடாவிட்டாலோ பெரும்பாலும் முள் முதலில் ஏறும், கொதிப்பது அதற்குப் பிறகு. முள் ஏறுவதற்கு முன்பே பாட்டில் கொதித்தால் என் சந்தேகம் நேராக ரேடியேட்டர் மூடி மேல்தான் போகும்.

மூடியின் வேலையைப் புரிந்துகொள்ள அடுக்களைக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். கேஸ்கெட் தேய்ந்தால் ஓரமாக ஆவி போகும், விசில் வராது. ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங் முனையில் ரப்பர் வாஷர். 0.9 என்று மூடியில் போட்டிருந்தால், சுமார் 0.9 பார் அழுத்தம் வரை அடைத்துப் பிடித்துவிட்டு, அதற்கு மேல் வருவதைப் பாட்டிலுக்குத் தள்ளும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்தக் கூடுதல் தாங்கும் சக்தி போய்விடும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது, ஏனென்றால் அங்கே கூலன்ட் 90, 95 டிகிரியில் நிற்கும். மலையில் இரண்டாவது கியரில் மெதுவாக, முழு பாரத்துடன் ஏறும்போது 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். போதாக்குறைக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்த ஆவி கூலன்ட்டைப் பாட்டிலுக்குத் தள்ள, எஞ்சினுக்குள் அளவு குறைய, அப்புறம்தான் முள் சிவப்புக்கு ஓடுகிறது.

இனி செய்முறை. இது ரேடியேட்டர் மேலேயே மூடி இருக்கும் வண்டிகளுக்கு. சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, பாட்டிலின் மூடிதான் அழுத்தத்தைப் பிடிக்கும். அங்கே அந்த மூடியைத்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் ஆறவிடுங்கள். இரவு நிறுத்தி, காலையில் திறப்பதுதான் நல்லது. சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே அடங்கியிருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அந்தப் புண் லேசில் ஆறாது. ஆறிய பிறகும் ஒரு தடித்த துணியை மேலே போட்டு, முதல் தடை வரை மட்டும் திருப்பி ஒரு நிமிடம் நில்லுங்கள். ஸ்ஸ் என்ற சத்தம் இல்லையென்றால் அழுத்தித் திருப்பிக் கழற்றலாம்.

மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். வாஷரில் வெடிப்பு, ஆழமான வட்டத் தழும்பு, நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி கடினம், இதில் எது இருந்தாலும் மூடி வேலைக்கு ஆகாது. நடுவில் காசு மாதிரி ஒரு சின்ன வால்வு இருக்கும். எஞ்சின் ஆறும்போது பாட்டிலில் இருக்கும் கூலன்ட் திரும்ப உள்ளே போவது அது வழியாகத்தான். நகத்தால் இழுத்து விட்டால் டப்பென்று மூடிக்கொள்ள வேண்டும். அது ஒட்டிக்கொண்டால், ஆறிய எஞ்சினில், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸ் உறிஞ்சிய ஸ்ட்ரா மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். மூடி உட்காரும் ரேடியேட்டர் வாயையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே உப்புப் படிந்திருந்தால் புது மூடியும் கசியும்.

டெஸ்டரில் போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மூடியும் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டர் வேலை பார்க்கும் கடையில் கைப்பம்பு மாதிரி அழுத்தமானி வைத்திருப்பார்கள். வாஷரை நனைத்து மாட்டி மெதுவாகப் பம்ப் செய்தால், 0.9 மூடி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்துதான் திறக்க வேண்டும், அதற்குக் கீழே முள் இறங்காமல் நிற்க வேண்டும். மாமாவின் மூடி 0.3 வந்ததுமே சீறியது. வாஷரில் ஒரு வெடிப்பும் இல்லை.

அதே எண்ணில் புது மூடி போடுங்கள். “1.1 போட்டால் இன்னும் தாங்கும்” என்று சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். கூடுதல் அழுத்தம் பழைய ஹோஸிலும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரத்திலும்தான் போய் வெடிக்கும். மூடியில் பார் இல்லாமல் 88 கிலோபாஸ்கல் என்றோ 13 பி.எஸ்.ஐ. என்றோ இருக்கலாம். எல்லாம் அந்த 0.9 பக்கம்தான்.

குழாயைப் பார்த்து, நிரப்புங்கள். ரேடியேட்டர் வாயிலிருந்து பாட்டிலுக்குப் போகும் சின்னக் குழாயின் முனை எப்போதும் கூலன்ட்டுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அதில் கீறல் இருந்தால் ஆறும்போது கூலன்ட்டுக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். பிறகு ஆறிய எஞ்சினில், பாதி கூலன்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ரேடியேட்டரை வாய் வரை நிரப்புங்கள். மூடாமல் ஹீட்டரைச் சூடு பக்கம் வைத்து எஞ்சினை ஓடவிட்டால் குமிழ் வந்து அளவு இறங்கும், இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடேறத் தொடங்கி, குமிழும் நின்றதும் மூடிவிடுங்கள். பாட்டிலில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும்.

வழியிலேயே விளக்கு எரிந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, நிறுத்த இடம் கிடைத்ததும் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். பச்சைத் தண்ணீரைச் சூடான எஞ்சினில் ஊற்ற வேண்டாம், எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வெடிக்கும். இன்னொன்று: சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம்.

புது மூடி போட்ட அடுத்த வாரமே அதே ரோட்டில் ஏறினோம். கிளம்பும்முன் பாட்டிலில் கூலன்ட் மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிவைத்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டு விரல் அளவு ஏறியிருந்தது, குமிழ் இல்லை. மறுநாள் காலை டேப்புக்கே இறங்கிவிட்டது. உங்கள் வண்டியில் மூடி புதிதாக இருந்தும், காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகி, பாட்டிலில் விடாமல் குமிழ் வந்தால், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். மலைக்குக் கிளம்பாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.