கப்பல் கூலியைப் பிரித்த விதம்

என் ஹட்டன் கடையில் இறக்குமதி செய்த ஸ்பிரேயர்கள் வேகமாக விற்றன, கையில் காசு மட்டும் குறைந்தது. கவ்வாத்துக் கத்திகளோ அசையவில்லை. நாணய மாற்று வீதத்தைச் சந்தேகித்தேன், இருப்பை இரண்டு முறை எண்ணினேன். மூன்று நாள் வீண்.

கடைசியில் கப்பல் கூலி பில்லைப் பார்த்தேன்: கட்டணம் கன மீற்றர் கணக்கில். 100 ஸ்பிரேயர், 300 கத்தி, இரண்டின் கொள்விலையும் தலா 3 இலட்சம் என்பதால் 1,20,000 ரூபாய் கூலியைச் சரிபாதியாகப் பிரித்திருந்தேன். ஆனால் 5 கன மீற்றரில் 4.5ஐ ஸ்பிரேயர் பெட்டிகளே பிடித்திருந்தன, பெரும்பாலும் காற்று!

சுங்கவரியைப் பெறுமதிப்படியே விட்டு, கூலியை மட்டும் கன அளவுப்படி பிரித்தேன். ஒரு ஸ்பிரேயருக்கான கூலி 600இலிருந்து 1,080 ஆனது, ஒரு கத்திக்கு 200இலிருந்து 40. நான் ஒரு ஸ்பிரேயரில் வைத்திருந்த இலாபமோ 400; ஒவ்வொன்றையும் நட்டத்தில்தான் விற்றிருக்கிறேன். இருப்புப் பெறுமதியையும் விலைச்சீட்டுகளையும் அன்றிரவே திருத்தினேன்.