வங்கியில் ஐந்து லட்சம், கணக்கில் பற்றாக்குறை: அடுக்குமாடிச் சங்கக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் எழுந்து, "சென்ற ஆண்டு வங்கியில் நான்கு லட்சம் இருந்தது, இந்த ஆண்டு ஐந்து லட்சம் இருக்கிறது, ஆகவே ஒரு லட்சம் மிச்சம்" என்று அறிவிப்பதும், உறுப்பினர்கள் நிறைவோடு கலைவதும் ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துச் சிறிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வழக்கமாக நடப்பதுதான். அந்த அறிவிப்பில் பொய் எதுவும் இல்லை. வங்கிப் புத்தகம் அதைத்தான் காட்டும். ஆயினும் அதே சங்கம் மார்ச் மாதக் காவலாளி சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் தன் பராமரிப்புப் பணத்திலிருந்து கொடுக்க இயலாத நிலையில் இருக்கக்கூடும். இது எப்படி நேர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் மூலம் பார்க்கலாம்.

24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய் வசூலிக்கிறார்கள் என்று கொள்வோம். அதில் 2,000 ரூபாய் அன்றாடப் பராமரிப்புக்கும், 500 ரூபாய் பிற்காலப் பெரிய வேலைகளுக்கான சிங்கிங் ஃபண்டுக்கும் உரியது. ஆண்டின் தொடக்கத்தில் வங்கியில் இருந்த 4,00,000 ரூபாயில் 3,60,000 சிங்கிங் ஃபண்டைச் சேர்ந்தது. மீதி 40,000 பொதுக்கணக்கு. பழைய பாக்கியோ கொடுக்க வேண்டிய பில்லோ இல்லை. ஆண்டு முழுவதும் 21 வீடுகள் தவறாமல் கட்டுகின்றன. மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அவற்றிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. வந்த தொகை 6,30,000. காவலாளி, துப்புரவு, மின்சாரம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தண்ணீர் லாரி என்று கொடுத்த தொகை 5,30,000. ஆகவே வங்கியில் 5,00,000 ரூபாய்.

இப்போது இந்த ஐந்து லட்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வந்த 6,30,000 ரூபாயில் சிங்கிங் ஃபண்டின் பங்கு 1,26,000. அதைப் பழைய 3,60,000 உடன் கூட்டினால் 4,86,000 ஆகிறது. மீதமிருக்கும் 14,000 மட்டுமே சங்கம் அன்றாடச் செலவுக்குத் தொடக்கூடிய பணம். மார்ச் மாதச் சம்பளமும் மின்கட்டணமும் சேர்த்து 38,000 ரூபாய் ஏப்ரலில் கொடுக்க வேண்டியிருந்தால், 24,000 ரூபாய் துண்டு விழுகிறது. ஒரு லட்சம் மிச்சம் என்று கைதட்டல் வாங்கிய சங்கம், புதிய ஆண்டின் முதல் வாரத்திலேயே சிங்கிங் ஃபண்டில் கைவைக்கிறது. வங்கிக் கணக்கு ஒன்றே ஒன்றாக இருப்பதால் கைவைத்தது யாருக்கும் தெரிவதும் இல்லை.

இதிலிருந்து தெரியும் முதல் தவறு, வரவு செலவுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதையே ஆண்டுக் கணக்கு என்று நம்புவது. அந்தப் பட்டியல் பணம் வந்ததையும் போனதையும் சொல்லுமே தவிர, வர வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் சொல்லாது. மார்ச் 31 அன்று இருப்புநிலைக் குறிப்பு ஒன்றும் எழுதப்பட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒரு பக்கம் வங்கி இருப்பு 5,00,000, மூன்று வீடுகளின் பாக்கி 90,000, மொத்தம் 5,90,000. மறுபக்கம் சிங்கிங் ஃபண்ட் 5,04,000 (வசூலாகாத 18,000 உட்பட), கொடுக்க வேண்டிய பில்கள் 38,000, பொதுநிதி 48,000. மொத்தம் அதே 5,90,000. பொதுநிதி 40,000 இலிருந்து 48,000 ஆகியிருக்கிறது, அதாவது அந்த ஆண்டின் உண்மையான உபரி வெறும் 8,000 ரூபாய். அதுவும் பணமாக இல்லை, பூட்டிய வீடுகளின் பாக்கியில் சிக்கிக் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் அடங்கும் இந்தக் குறிப்பைத் தயாரிக்க அரை நாள் போதும் என்பதால், நேரமில்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

சிங்கிங் ஃபண்டுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ஒவ்வொரு மாதமும் வசூலான வீடுகளின் 500 ரூபாய்களை அதற்கு மாற்றிவிடுவதே எளிய தீர்வு. சேர்ந்த தொகையை நிரந்தர வைப்பில் போடும்போது அது சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் பான் எண்ணிலும் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தப் பெயரில் போட்டால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வட்டி அவருடைய வருமானமாகப் பதிவாகி அவருக்கே தொல்லையாகும். உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டிக்கொள்ளும் சந்தாவுக்கு வருமான வரியில் கிடைக்கும் விலக்கு வங்கி வட்டிக்குப் பொருந்தாது என்பதை 2013ஆம் ஆண்டு பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே வங்கி வரி பிடித்துக்கொண்டு தரும் தொகையை மட்டும் எழுதாமல், முழு வட்டியையும் வரவாகவும் பிடித்த வரியைத் தனியாகவும் எழுத வேண்டும். வட்டி சிங்கிங் ஃபண்டோடு சேர வேண்டுமே தவிர, அன்றாடச் செலவின் பள்ளத்தை நிரப்பப் போகக்கூடாது.

பாக்கியும் முன்பணமும்

வீட்டுக்காரர் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, வீடு ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடப்பது இந்தக் கடற்கரையில் சாதாரணம். அதனால் இங்கே பாக்கி மாதக்கணக்கில் வளராமல் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. விடுமுறையில் வருபவர் ஒரே தடவையில் பெருந்தொகையைக் கட்டிவிட்டுப் போகிறார், தவறுகள் பெரும்பாலும் அந்த நாளில்தான் நிகழ்கின்றன. ஆண்டு முழுவதும் கட்டாத ஒருவர் அடுத்த மே மாதம் ஊருக்கு வந்து 60,000 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30,000 சென்ற ஆண்டின் பாக்கி. அது இந்த ஆண்டின் வருமானம் ஆகாது, பாக்கித் தலைப்பில் கழிய வேண்டும். ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் 5,000 போக, மீதமுள்ள 25,000 ஜூன் முதல் அடுத்த மார்ச் வரையிலான பத்து மாதத்துக்கான முன்பணம். மொத்த அறுபதாயிரத்தையும் மே மாத வசூல் என்று எழுதினால், அந்த மாதம் சங்கம் செழிப்பாகத் தெரியும். அதை நம்பிச் செலவு செய்துவிட்டு, மார்கழியில் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கத் திணறுவார்கள்.

பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டும்போது அதை எந்த மாதத்துக்கு வரவு வைப்பது என்பதில் சச்சரவு எழுவதுண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 59 முதல் 61 வரையிலான பிரிவுகளில் இதற்கு வழி சொல்கிறது: கொடுப்பவர் இன்னதற்கு என்று குறிப்பிட்டுக் கொடுத்தால், பெறுபவர் அதை ஏற்கும் பட்சத்தில், அதற்கே வரவு வைக்க வேண்டும், குறிப்பிடாவிட்டால் பெறுபவர் தீர்மானிக்கலாம், இருவரும் தீர்மானிக்காவிட்டால் மிகப் பழைய கடனிலிருந்து கழிய வேண்டும். எனவே ரசீதில் எந்த மாதங்களுக்கானது என்பதையும், பராமரிப்பு எவ்வளவு, சிங்கிங் ஃபண்ட் எவ்வளவு என்பதையும் அன்றே எழுதிவிடுவது நல்லது. கைப்பேசி வழியாக வரும் பணத்தில் வீட்டு எண் இருக்காது, பெயரும் மைத்துனருடையதாகவோ மாமனாருடையதாகவோ இருக்கும். யாருடையது என்று உறுதியாகும்வரை அதை "அடையாளம் தெரியாத வரவு" என்ற தலைப்பில் நிறுத்திவைக்க வேண்டும். ஊகித்து ஒரு வீட்டின் பேரேட்டில் ஏற்றுவது பிறகு இரண்டு வீடுகளின் கணக்கைக் கெடுக்கும்.

ரிப்பேர் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது

கடலோரக் கட்டடத்தில் இந்தக் கேள்விக்கு உள்நாட்டைவிட எடை அதிகம். உப்புக் காற்று கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கிக் கம்பியை அரிக்கிறது. இரும்பைவிடத் துரு அதிக இடத்தை எடுத்துக்கொள்வதால் மேல்பூச்சு முதலில் விரிசல் விட்டு, பிறகு பெயர்ந்து விழுகிறது. சன்ஷேடு, பால்கனியின் அடிப்பக்கம், மொட்டைமாடித் தொட்டியின் தூண் ஆகியவற்றில் இது முதலில் தெரியும். விழுந்த இடத்தில் மட்டும் சிமென்ட் பூசிவிட்டு, ஆயிரம் இரண்டாயிரம் என்று "இதர செலவு" தலைப்பில் எழுதிவிடுவதே பெரும்பாலான சங்கங்களின் வழக்கம். துருவைச் சுரண்டாமல் பூசிய பூச்சு ஓரிரு ஆண்டுகளில் மறுபடி விழும், மறுபடி பூசுவார்கள். ஐந்து ஆண்டுகளில் ஒரே சன்ஷேடுக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் கணக்கிலிருந்து பதில் கிடைக்காது, ஏனெனில் அது மின்விளக்குக்கும் துடைப்பத்துக்கும் இடையில் கலந்து கிடக்கிறது.

ஆகவே ரிப்பேருக்கென்று தனிப் பதிவேடு வேண்டும்: எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை சதுர அடி, என்ன விலை, யார் செய்தது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். ஒரே இடம் இரண்டாம் முறை அந்தப் பதிவேட்டில் வந்தால், அது அன்றாடப் பராமரிப்பு அல்ல. கம்பியைத் திறந்து பார்த்து முறையாகச் செய்ய வேண்டிய, சிங்கிங் ஃபண்டுக்குரிய வேலை. ஆண்டுதோறும் இரும்புக் கேட்டுக்கு வண்ணம் அடிப்பது பராமரிப்பு. அரித்துப்போன கேட்டை மாற்றுவது சிங்கிங் ஃபண்ட். மொட்டைமாடியில் ஓர் ஓட்டையை அடைப்பது பராமரிப்பு; மாடி முழுவதற்கும் நீர்க்கசிவுத் தடுப்புச் செய்வது சிங்கிங் ஃபண்ட். எல்லைக்கோட்டில் நிற்கும் வேலைகளுக்கு, இத்தனை ஆயிரத்துக்கு மேற்பட்டால் பொதுக்குழுவின் ஒப்புதலோடு சிங்கிங் ஃபண்டிலிருந்து என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதிவிட்டால், செலவு வந்தபின் தலைப்பைத் தேடி வாதிட வேண்டியதில்லை.

வேலையின் முழுச் செலவும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. இங்கே பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பு. கம்பியுள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரநிர்ணயம், ஆகவே ரிப்பேருக்காக நல்ல தண்ணீர் லாரி வரவழைக்க வேண்டியிருக்கும். அந்த லாரியின் பணத்தைத் தண்ணீர் செலவில் எழுதினால், அந்த மாதம் குடியிருப்போர் தண்ணீரை வீணடித்ததாகத் தோன்றும், ரிப்பேரும் மலிவாக முடிந்ததாகத் தோன்றும். லாரிக்காரர் பில் தராவிட்டால், தேதியும் வண்டி எண்ணும் கொள்ளளவும் எழுதிய சங்க வவுச்சரில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை உடனே செலவு என்று எழுதுவதும் பரவலான தவறு. வேலை நடந்து, சதுர அடி அளந்து, பில் ஏற்கப்படும்வரை அது அவரிடம் நிற்கும் சங்கத்தின் பணம். இறுதித் தொகையில் பத்து சதவீதத்தை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் நீர்க்கசிவு வேலையின் தரத்தை ஐப்பசி, கார்த்திகை மழை காட்டுவதுபோல எந்தப் பொறியாளரும் காட்ட முடியாது. அப்படி நிறுத்தும் தொகையும் கணக்கில் ஏற வேண்டும். பிப்ரவரியில் தொடங்கிய 2,40,000 ரூபாய் வேலை மார்ச் நடுவில் முடிந்து, 2,16,000 கொடுத்து 24,000 நிறுத்தப்பட்டிருந்தால், மார்ச் 31 அன்று சிங்கிங் ஃபண்டிலிருந்து கழிய வேண்டியது 2,40,000. நிறுத்திய 24,000 ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையாக இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும். அதை விட்டுவிட்டால், அடுத்த ஜனவரியில் அவர் வந்து கேட்கும்போது, இடையில் மாறிவந்த புதிய நிர்வாகிகளுக்கு அது எந்தப் பணம் என்றே தெரியாது.