படத்தின் வகைப் பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

நுவார், டார்க் காமெடி, மேஜிக்கல் ரியலிசம், சைக்கலாஜிக்கல் திரில்லர் என்று ஒரு படத்தின் கீழே போட்டிருந்தால், அதைக் கதைச் சுருக்கமாக எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். பாதிப் படத்தில் எழுந்து போகிறவர்களும் இவர்களே. இந்தப் பெயர்களிலிருந்து கதையைவிட அது சொல்லப்படும் விதம்தான் நமக்குத் தெரியவரும்.

இதில் அதிகம் அடிபடுவது நுவார். கொலை, மழை, சிகரெட் புகை, கறுப்பு வெள்ளை எல்லாம் இருந்தால் நுவார் என்று நினைத்துக்கொண்டு, கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுகிறோம். பில்லி வைல்டர் இயக்கி 1944இல் வந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’யை அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் சில நிமிடங்களிலேயே சப்பென்று ஆகிவிடும். இன்சூரன்ஸ் விற்கும் வால்டர் நெஃப் குண்டடி பட்டு, இரவில் தன் அலுவலகத்துக்கு வருகிறான். பேச்சைப் பதிவு செய்யும் கருவியை எடுத்து, கொன்றது நான்தான், பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் செய்தேன், இரண்டும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறான். யார், ஏன், கடைசியில் என்ன ஆனது, எல்லாமே தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன பார்ப்பது?

அவன் தெரிந்தே குழியில் இறங்குவதைத்தான். அவனும் அந்தப் பெண்ணும் பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுக் காரில் ஏறுகிறார்கள். அவள் வண்டியைக் கிளப்பப் பார்க்கிறாள், அது கிளம்ப மறுக்கிறது. மறுபடி முயன்றாலும் அதே கதை. மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நமக்குப் பதறுகிறது, கொலைகாரர்களுக்காக! நுவார் நம்மை இழுத்துவிடும் இடம் இதுதான். புதிரை அவிழ்க்கும் சுகம் வேண்டுமென்றால் துப்பறியும் படம் என்று தேடுங்கள். நுவாரில் துப்பறிவாளன் வந்தாலும் உண்மையைக் கண்டுபிடித்து அவனுக்குப் பெரிதாக ஒரு பலனும் கிடைக்காது. நிறத்தை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். 1974இல் வந்த ‘சைனாடவுன்’ முழுக்க வண்ணம், பெரும்பாலும் பளீர் வெயில். நுவார் வகையில் முதலில் சொல்லப்படும் படங்களில் அதுவும் ஒன்று.

டார்க் காமெடியில் தவறு வேறு மாதிரி. காமெடி என்ற பாதியை மட்டும் படித்துவிட்டு, மனசு சரியில்லாத நாளில் அதைப் போட்டுவிடுகிறோம். இயக்குநர் குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964) படத்தில் அமெரிக்க அதிபர் சோவியத் தலைவருக்கு போன் போடுகிறார். எங்கள் தளபதி ஒருத்தருக்கு லேசாகப் புத்தி பிசகிவிட்டது, உங்கள் நாட்டைத் தாக்க விமானங்களை அனுப்பிவிட்டார் என்று விருந்தாளியைச் சமாதானப்படுத்தும் குரலில் சொல்கிறார். மறுமுனைக் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. அதிபரின் முகத்தில் சிரிப்பு இல்லை, நமக்கோ அடக்க முடியவில்லை. சிரித்ததற்குப் பரிகாரமாகக் கடைசியில் எல்லாம் சுபமாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். இந்தப் படம் அணுகுண்டு வெடிப்புகளோடுதான் முடிகிறது. ஆறுதல் தேவைப்படும் நாளில் இந்த வகை வேண்டாம் என்பது என் கட்சி.

மேஜிக்கல் ரியலிசத்தை ஃபேன்டஸியோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. அதிசயம் நடக்கும்போது பாத்திரங்களின் முகத்தைப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். ‘லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்’ (1992) படத்தில் கதாநாயகி டீட்டாவின் கண்ணீர் கல்யாண கேக் மாவில் விழுகிறது. தின்ற விருந்தினர் எல்லோரும் ஏக்கத்தில் அழுகிறார்கள், வாந்தியும் எடுக்கிறார்கள். இதற்கென்று மந்திரவாதியோ மாய உலகத்தின் விதிகளோ கிடையாது. யாரும் அதிசயப்படுவதில்லை, கதை தன் பாட்டுக்குப் போகிறது. எப்படி நடந்தது என்ற விளக்கத்துக்காகக் காத்திருப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். ‘பான்ஸ் லேபிரிந்த்’துக்கும் (2006) சிலர் இதே பெயரைச் சூட்டுகிறார்கள். அதில் ஃபான் என்ற விசித்திர உயிர் சிறுமியின் கண்ணுக்குத் தெரிகிறது, ராணுவ கேப்டனுக்குத் தெரிவதில்லை. அதனால் இருண்ட ஃபேன்டஸி என்பதே பொருத்தம். தேவதைகள் வருகிறார்களே என்று குழந்தைகளுக்குப் போட்டுவிடாதீர்கள்; அந்த கேப்டன் ஓர் இளைஞனின் முகத்தைப் பாட்டிலால் சிதைக்கும் காட்சியும் அதில்தான் இருக்கிறது. ரத்தம் எவ்வளவு இருக்கும் என்பதை எந்த வகைப் பெயரும் சொல்லாது. அதற்கு வயதுச் சான்றையும் அதோடு வரும் எச்சரிக்கை வரியையும் படிக்க வேண்டும்.

சைக்கலாஜிக்கல் திரில்லரைப் பற்றி ஒன்றே ஒன்று. பேய் வரும், இல்லாவிட்டால் கடைசியில் பெரிய திருப்பம் வரும் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிடலாம். 1944இன் ‘கேஸ்லைட்’டில் கணவன்மேல் நமக்குச் சீக்கிரமே சந்தேகம் வந்துவிடுகிறது. வீட்டு விளக்கு தானாக மங்குவதைப் பார்த்து, தன் புத்தியைத் தானே நம்பலாமா என்று மனைவி தவிக்கிறாளே, படத்தின் பயம் முழுக்க அந்தத் தவிப்பில் இருக்கிறது. கணவனை அடையாளம் கண்டதும் மிச்சத்தை ஓட்டிவிடுகிறவர்கள், பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே முடித்துவிடுகிறார்கள்.