தேதி போட்டுக் கொடுத்த செக்: பணம் எப்போது கணக்கில் இருக்க வேண்டும்?

கடை வாடகைக்குப் பதினொரு மாத அக்ரிமென்ட் போடும்போதே, மாதத்துக்கு ஒன்றாகப் பதினொரு செக்கை ஓனர் வாங்கி வைத்துக்கொள்வது நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. கொடுப்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடும்: ‘ஐந்தாம் தேதி போட்ட செக், ஐந்தாம் தேதி பணம் இருந்தால் போதும்.’ பெரும்பாலான ரிட்டர்ன்கள் இந்த எண்ணத்தில்தான் தொடங்குகின்றன. செக்கில் இருக்கும் தேதி, அதைப் பேங்கில் போடக்கூடிய முதல் நாள் மட்டுமே. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் எந்த வேலை நாளிலும் ஓனர் அதைப் போடலாம். 2012 ஏப்ரலுக்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் ஆறு மாதம் என்றே சொல்வார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். வாடகை 22,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதியிட்ட செக். பிப்ரவரியில் ஓனர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், செக்கைப் போடவில்லை. கடைக்காரர் 5ஆம் தேதிக்கு வைத்திருந்த பணம் அப்படியே கிடந்தது. சரி, அவசரம் இல்லை போல என்று அதில் கொஞ்சத்தை எடுத்துச் சரக்கு வாங்கிவிட்டார். ஊர் திரும்பிய ஓனர், மார்ச் 9ஆம் தேதி காலை பிப்ரவரி செக்கையும் மார்ச் செக்கையும் ஒன்றாகப் போட்டார். கணக்கில் இருந்தது 31,400 ரூபாய். ஒரு செக் பாஸ் ஆனது, மீதி 9,400. இன்னொன்று அன்று மாலையே ரிட்டர்ன்.

‘அன்று மாலையே’ என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் இன்று போட்ட செக் நாளை அல்லது மறுநாள்தான் பாஸ் ஆகும். அந்த இடைவெளியை நம்பி, “செக் போட்டாச்சா? சரி, நாளைக்குப் பணம் கட்டிடறேன்” என்று வியாபாரம் நடத்தியவர்கள் பலர். 2025 அக்டோபர் 4 முதல் அந்த இடைவெளி போய்விட்டது. பகலில் பேங்குகள் செக்கை ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கும். காகிதம் பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் போகிறது. உங்கள் பேங்க் மாலை 7 மணிக்குள் பாஸ் அல்லது ரிட்டர்ன் என்று பதில் சொல்லியாக வேண்டும். பதிலே சொல்லாவிட்டால் பாஸ் ஆனதாகவே கணக்கு. ஆகவே காலையில் ஓனர் செக்கைப் போட்டிருந்தால், சாயங்காலம் கடையை மூடிவிட்டுக் கல்லாப் பணத்தைக் கட்டலாம் என்ற திட்டம் உதவாது.

ரிட்டர்ன் ஆனதும் என்ன தெரியும்? கொடுத்தவரின் பாஸ்புக்கில் சில பேங்குகளில் 22,000 பற்று விழுந்து, உடனே அதே தொகை திரும்ப வரவாகும். சில பேங்குகளில் அந்த இரண்டு வரியும் இருக்காது, ரிட்டர்ன் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் மட்டும் இருக்கும். கட்டணம் பேங்குக்குப் பேங்க் மாறும். ஓனர் பக்கத்திலும் ஒரு கட்டணம் பிடிப்பார்கள், அவர் கோபத்தில் பாதி அதனால்தான். அவருக்குச் செக்குடன் ஒரு ரிட்டர்ன் மெமோ கிடைக்கும். அதில் காரணம் குறியீட்டோடு இருக்கும்: 01 என்றால் Funds Insufficient, பணம் போதவில்லை. 12 என்றால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. 20 என்றால் கொடுத்தவரே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

செக்கை நிறுத்திவிட்டால் வழக்கு வராது என்று நினைப்பது இன்னொரு தவறு. வாடகை உண்மையிலேயே பாக்கி இருந்து, கணக்கில் பணமும் இல்லாதபோது ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்தால், பணம் இல்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவிலிருந்து அது காப்பாற்றாது. 1998இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பணம் கொடுக்க வேண்டியதே இல்லாத செக்குக்குத்தான் ஸ்டாப் பேமென்ட் சரியான வழி: தொலைந்தது, அல்லது அந்த மாத வாடகையை ஏற்கெனவே ஜிபேயில் அனுப்பியாகிவிட்டது. ஜிபேயில் அனுப்பும்போது எந்த மாதம், எந்த செக் நம்பருக்குப் பதில் என்று குறிப்பில் எழுதுங்கள். செக்கைத் திரும்ப வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அன்றே நிறுத்துங்கள். ‘ஓனர் நல்லவர், போட மாட்டார்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் செக் கட்டைப் பேங்குக்கு எடுத்துப் போவது அவர் மகனாகவும் இருக்கலாம், அவருக்கு ஜிபே விஷயம் தெரிந்திருக்காது.

நம் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? அன்றே ஓனருக்குப் போன் செய்து, அந்த 22,000ஐ அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டு, ரிட்டர்ன் ஆன செக்கையும் மெமோவையும் கையில் வாங்க வேண்டும். அல்லது பணத்தைக் கணக்கில் கட்டிவிட்டு, அதே செக்கை மறுபடி போடச் சொல்லலாம். மூன்று மாதம் முடியாதவரை அது செல்லும். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடக் கூடாது. பணமும் அனுப்பி, செக்கும் பாஸ் ஆகி, திரும்பக் கேட்டு அலைந்தவர்கள் உண்டு.

பேசித் தீராவிட்டால் சட்டத்தின் நாள் கணக்கு ஓடும். ரிட்டர்ன் தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் ஓனர் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட்டால் 138 வழக்குக்கு இடமில்லை. கொடுக்காவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டில் புகார் தரலாம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் தப்ப முடியாது. சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்த 15 நாளும் வீணாவதுதான் மிச்சம்.

கடன் கொடுப்பவரிடம் தரும் செக்கில் ஆபத்து வேறு மாதிரி. பேங்குகளும் பெரிய பைனான்ஸ் கம்பெனிகளும் தவணையை இப்போது ‘நாச்’ மூலம் கணக்கிலேயே பிடிக்கின்றன. தனியாரிடம் கைமாற்று வாங்கும்போதுதான் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் கேட்கிறார்கள். தொகையை அவர் பிற்பாடு நிரப்பினாலும் செக் செல்லும் என்பதும், கடன் அவ்வளவு இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது என்பதும் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் பெயர், தொகை, தேதி மூன்றையும் நீங்களே எழுதி, மேலே இரண்டு கோடு இழுத்து, ‘ஏ/சி பேயீ’ என்று போட்டுப் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தெந்த நம்பர் செக் எதற்காகக் கொடுத்தது என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு லட்சம் கடனுக்கு அதே தொகைக்குச் செக் கொடுத்துவிட்டு, எழுபதாயிரத்தைத் திருப்பிக் கட்டியிருந்தால், பழைய செக்கை வாங்கிக்கொண்டு ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குப் புதிதாக எழுதிக் கொடுங்கள். பழைய செக்கிலேயே தொகையை அடித்துத் திருத்தக் கூடாது. தேதியைத் தவிர வேறு எதைத் திருத்தினாலும், பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பேங்க் அதைத் திருப்பிவிடும்.