பஞ்சுப்பெட்டிக்குள் மட்டும் சரியாகும் ஒலிவேகக் கணக்கு

மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒலிவேகக் கணக்கில் வருடா வருடம் ஒரே பிழை வருகிறது. அதைத் திருத்தும்போது சொல்லப்படும் காரணத்திலும் அனேகமாக இன்னொரு பிழை இருக்கும். இரண்டாவதுதான் கூடுதல் தொல்லை, ஏனென்றால் விடை சரியாக வந்துவிடும், ஆனால் விளக்கம் தலைகீழாக இருக்கும்.

முதலில் கணக்கு. வாயுவில் ஒலிவேகம் v = 1/√(ρβ). ρ அடர்த்தி. β என்பது அமுக்கத்தை ஓர் அலகு கூட்டினால் கனவளவு என்ன பின்னத்தால் குறைகிறது என்பது, அதாவது வாயு எவ்வளவு எளிதில் நெருங்கிக் கொடுக்கிறது என்பதன் அளவு. பிள்ளை உடனே போயிலின் விதியை எடுக்கும். வெப்பநிலை மாறாவிட்டால் PV மாறிலி, ஆகவே β = 1/P. அதைப் போட்டால் v = √(P/ρ).

எங்கள் ஊரில் சாதாரணப் பகல் 30 பாகை செல்சியஸ். கடல் மட்டம் என்பதால் அமுக்கம் 1.013 × 10⁵ Pa, வளியின் அடர்த்தி 1.165 kg m⁻³. விடை 295 m s⁻¹.

இது சரியா என்று பார்க்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. 512 Hz இசைக்கவையும் பரிவுக் குழாயும் போதும். அடுத்தடுத்த இரண்டு பரிவு நீளங்களின் வித்தியாசம் அரை அலைநீளம், அதில் முனைத் திருத்தமும் வெட்டுப்பட்டுப் போகும். 295 உண்மையென்றால் வித்தியாசம் 28.8 cm ஆக இருக்க வேண்டும். குழாயில் கிடைப்பதோ 34 cm சுற்றுவட்டாரம். ஐந்து சென்ரிமீற்றரை வாசிப்பு வழு என்று தள்ளிவிட முடியாது.

இந்த வழுவுக்கு வயது முந்நூறு தாண்டிவிட்டது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இதே வழியில்தான் கணித்தார். பிந்திய பதிப்பில் அவருக்கு வந்தது செக்கனுக்கு 979 அடி, அளந்து பெற்றதோ 1142 அடி. இடைவெளியை அடைக்க, வளித் துணிக்கைகளின் பருமனையும் நீராவியையும் காரணம் காட்டிக் கணக்கைச் சரிக்கட்டினார். அவ்வளவு பெரிய மனிதருக்கும் விடைக்கு ஏற்றமாதிரிக் காரணம் தேடும் பழக்கம் இருந்திருக்கிறது என்று நினைத்தால் எங்கள் பிள்ளைகள் மேல் கோபம் வராது. திருத்தத்தைச் சரியாகப் போட்டவர் லாப்லாஸ், 1816இல்.

அவர் கண்டது இது. வாயுவை நெருக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடி சுடுவது நமக்குத் தெரியும். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் சூடான வாயு கூடுதலாக எதிர்த்துத் தள்ளும், நெருங்கிக் கொடுக்காது. வெப்பம் வெளியேறாத இதைத்தான் சேறலிலா மாற்றம் என்கிறோம். அப்போது மாறாதது PV இல்லை, PVᵞ. ஆகவே β = 1/(γP). γ என்பது வாயுவின் இரு தன்வெப்பங்களின் விகிதம், வளிக்கு γ = 1.40.

```
v = √(γP/ρ)
  = √(1.40 × 1.013×10⁵ / 1.165)
  = 349 m/s
```

அரை அலைநீளம் 349/1024 மீற்றர், அதாவது 34.1 cm. குழாய் சொன்னதும் அதுதான். (குழாய்க்குள் தண்ணீர் இருப்பதால் வளி ஈரமாக இருக்கும். ஈரம் வேகத்தை ஒன்றிரண்டு m s⁻¹ கூட்டும். 351 வந்தால் பதற வேண்டாம்.)

இந்த இடத்தில் ஒரு பிள்ளை கேட்டது நல்ல கேள்வி: "சேர், சத்தத்தில வெப்பநிலை எவ்வளவுதான் மாறும்? மறுகா ஏன் அதை விடேலாது?"

கணித்துப் பார்ப்போம். 1 Pa வீச்சுள்ள ஒலி நன்றாகவே சத்தமானது. அது வளியின் அமுக்கத்தை ஏறத்தாழ நூறாயிரத்தில் ஒரு பங்கால் மாற்றுகிறது. வெப்பநிலை மாறுவது 0.0009 பாகைக்கும் குறைவு. எந்த வெப்பமானியும் அசையாது. ஆனால் ஒலிவேகம் இந்த மாற்றத்தின் பருமனில் தங்கியிருக்கவில்லை. அமுக்க மாற்றமும் அதேபோல் மிகச் சிறியதுதானே. அந்தச் சிறிய அமுக்க ஏற்றத்தில் எவ்வளவு பங்கு நெருக்கத்தால் வந்தது, எவ்வளவு சூட்டால் வந்தது என்பதுதான் விசயம். 100 பங்கில் ஏறக்குறைய 71 நெருக்கத்தால், 29 சூட்டால். சத்தத்தைப் பாதியாக்கினாலும் இந்தப் பங்கீடு மாறாது. மெல்லிய முணுமுணுப்புக்கும் 29 பங்கு சூடுதான். ஆகவே வெப்பநிலை மாற்றம் சிறியது என்று விட்டுவிட்டால், சத்தம் எவ்வளவு மெல்லியதானாலும் விடையில் 54 m s⁻¹ குறையும்.

இனி அந்த இரண்டாவது பிழை. "ஒலியின் அதிர்வு மிக வேகமானது, வெப்பம் வெளியேற நேரமில்லை, அதனால் சேறலிலா மாற்றம்." பல குறிப்புகளில் இப்படித்தான் இருக்கிறது, நானும் முன்பு இப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை நம்பினால் மீடிறன் குறையக் குறைய நியூட்டனின் விடை சரியாகிக்கொண்டு வரவேண்டும். நடப்பது அதற்கு எதிர்.

வெப்பம் எங்கே போக வேண்டும் என்று பாருங்கள். சூடான நெருக்கத்திலிருந்து குளிர்ந்த ஐதாக்கத்துக்கு, அதாவது அரை அலைநீளம். கிடைக்கும் நேரம் அரை ஆவர்த்தன காலம். 512 Hz இல் தூரம் 34 cm, நேரம் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன். அந்த நேரத்தில் வளியில் வெப்பம் பரவும் தூரம் 0.15 mm தான். போக வேண்டியதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மீடிறனை 100 மடங்கு கூட்டுவோம். நேரம் 100 மடங்கு குறைகிறது. வெப்பம் பரவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு போவதால் அது 10 மடங்குதான் குறையும், 0.015 mm ஆகும். ஆனால் அரை அலைநீளம் 100 மடங்கு குறைந்து 3.4 mm ஆகிவிடுகிறது. வெப்பத்துக்கு வழி கிட்டவாகிவிட்டது! ஆகவே மீடிறன் கூடக் கூடத்தான் கசிவு கூடும். 20 Hz இல் வெப்பம் 0.7 mm பரவும், போக வேண்டியதோ கிட்டத்தட்ட 9 மீற்றர். சேறலிலா எடுகோள் மிக நன்றாகப் பொருந்துவது தாழ்ந்த ஒலிக்கு. வேகம் காரணமல்ல, அலைநீளம் நீண்டிருப்பதுதான் காரணம்.

அப்படியானால் மீடிறனைக் கூட்டிக்கொண்டே போய் நியூட்டனின் விடையைப் பிடிக்கலாமா? திறந்த வளியில் முடியாது. அதற்கு 10⁹ Hz அளவு வேண்டும். அங்கே அலைநீளம், ஒரு மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் ஓடும் தூரத்தை நெருங்கிவிடும். அலை அலையாகவே நிலைக்காது.

ஆனால் நியூட்டனின் கணக்கில் உள்ள சமவெப்ப எடுகோள் பொருந்தும் இடமொன்று இருக்கிறது, அதுவும் திருவிழாக் காலத்தில் நாம் தூக்கித் திரிகிற பொருளுக்குள். மூடிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பஞ்சு அடைப்பார்கள். 100 Hz இல் அரை ஆவர்த்தன காலத்தில் வெப்பம் 0.3 mm பரவும். பஞ்சு இழைகளின் இடைவெளி அந்த அளவிலேயே இருந்தால், நெருங்கிச் சூடாகும் வளி தன் சூட்டைப் பக்கத்து இழையிடம் கொடுத்துவிடும். ஐதாகும்போது திருப்பி வாங்கிக்கொள்ளும். வெப்பம் ஐதாக்கம்வரை போகத் தேவையில்லை, இழைவரை போனால் போதும். அங்கே β மீண்டும் 1/P பக்கம் சாய்கிறது, வளி கூடுதலாக நெருங்கிக் கொடுக்கிறது, ஸ்பீக்கருக்குப் பெட்டி பெரிதானது போலிருக்கிறது. கணக்குப்படி எல்லை 1.4 மடங்கு. இழைகள் எல்லா இடமும் சமனாக நிறைவதில்லை, ஆகவே கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. மீடிறன் ஏறினால் வெப்பம் இழையை எட்ட முன்பே அரைச் சுற்று முடிந்துவிடும். "நேரமில்லை" என்ற விளக்கம் பொருந்துவது இந்தப் பெட்டிக்குள்தான், ஏனென்றால் இழைக்குள்ள தூரம் மீடிறனோடு மாறுவதில்லை.