வானில் காஸ் மணம் வந்தால்: முதலில் செய்வது, பிறகு தேடுவது, கடைசியாகத் தகட்டைப் பார்ப்பது

யாழ்ப்பாணத்தில் காஸில் ஓடும் வான், ஓட்டோ என்றால் அது எல்பிஜிதான். சிஎன்ஜி இங்கே கிடைப்பதில்லை. சென்னையில் இருக்கும் உறவுக்காரர் சிஎன்ஜி ஓட்டோவுக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக்கூடாது. சிஎன்ஜி காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போகும். எல்பிஜி காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு பாரமானது, கசிந்தால் நிலத்தோடு படிந்து பள்ளம் தேடிப் போகும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்தை வைத்தே சொல்லப்படுகின்றன.

முதலாவது: மணம் வந்த உடனே

ஓடிக்கொண்டிருக்கும்போது மணம் வந்தால், வெளியான இடமாகப் பார்த்து ஓரமாக நிறுத்துங்கள். மதகு, வாய்க்கால், கிணறு பக்கத்தில் வேண்டாம். எங்கள் வளவுகளில் கிணறு இல்லாத இடம் குறைவு. அதற்குள் இறங்கிய காஸ் காற்றோடு கலைந்து போகாமல் அங்கேயே கிடக்கும். நிறுத்தியதும் திறப்பை அணைத்துவிடுங்கள். அப்போது தாங்கியில் இருக்கும் மின் வால்வு மூடிக்கொள்ளும். எல்லோரையும் இறக்கி, கதவுகளைத் திறந்து விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். போனை அங்கே போய் எடுங்கள்.

மணம் மெல்லியதாக இருந்து, தாங்கியில் கையால் திருகும் வால்வும் இருந்தால், அதை வலப்பக்கமாகத் திருகி மூடலாம். சீறும் சத்தம் கேட்டால் கிட்டப் போகவேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு 119க்கு எடுங்கள்.

கொட்டிலில் நிறுத்திய வாகனத்தில் காலையில் மணம் வந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், எரிந்துகொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். "ஸ்டார்ட் பண்ணிப் பெற்றோலில் வெளியே எடுப்போம்" என்பதும், பற்றரி வயரைக் கழற்றுவதும் அதே ஆபத்துத்தான். கொட்டில் கதவை அகலத் திறந்து, மணம் முற்றாகப் போகும்வரை விடுங்கள். தேவையென்றால் அதன் பிறகு கையால் தள்ளி வெளியே எடுக்கலாம். இன்னொன்று, பெற்றோலுக்கு மாற்றினால் கசிவு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பக்க ஹோஸில் கசிவென்றால் நிற்கும். தாங்கியிலேயே கசிவென்றால் எதில் ஓடினாலும் அது கசிந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது: எங்கே கசிகிறது?

காஸ் அடித்து முடித்து ஹோஸைக் கழற்றும்போது ஒரு சின்னப் புகைச்சலோடு மணம் வருவது வழமை; சில விநாடியில் போய்விடும். அதற்குப் பிறகும் மணம் நின்றால் தேட வேண்டும்.

மணம் அடங்கி, காற்றோட்டமான வெளியில் வாகனம் நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, தெளிக்கும் போத்தலில் எடுத்து, தாங்கியின் வால்வு, குழாய் பொருந்தும் இடங்கள், காஸ் அடிக்கும் வாய் எல்லாவற்றிலும் தெளியுங்கள். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். பெரிய கசிவு உடனே குமிழி விடும், சின்னக் கசிவு மெல்ல நுரை கட்டும். வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தால் அங்கே திரவமாகவே வெளியேறுகிறது என்று அர்த்தம். கையை வைத்தால் தோல் வெந்ததுபோலாகும்.

திறப்பு அணைந்திருக்கும்போது தாங்கிப் பக்கத்தில்தான் முழு அழுத்தம் இருக்கும். ஆகவே இந்தச் சோதனையில் குமிழி வராவிட்டால் பின்பக்கம் சரி என்று மட்டுமே சொல்லலாம். திரவக் காஸை ஆவியாக்கி அழுத்தத்தைக் குறைக்கும் எஞ்சின் பக்க ரெடியூசரையும் ஹோஸ்களையும் எஞ்சின் காஸில் ஓடும்போதுதான் பார்க்க முடியும். அதைக் காஸ் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். குமிழி வந்த நட்டை நீங்களே இறுக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் உலோக வளையம் அளவுக்கு மீறி இறுக்கினால் நசுங்கி, கசிவு பெரிதாகும்.

குமிழியே வராத மணம்

ஒரு வானை எடுத்துக்கொள்வோம். காலையில் காஸ் அடிக்கிறார்கள், மத்தியானம் வெயிலில் நிற்கும்போது பின்பக்கம் பலத்த மணம் வருகிறது, பின்னேரம் இல்லை. மெக்கானிக் சவர்க்கார நீர் போட்டுப் பார்த்தால் எங்கும் குமிழி இல்லை. "ஒண்டும் இல்லை அண்ணை, ஓடுங்கோ" என்று அனுப்பிவிடுவார். அடுத்த முறை நிரப்பினால் மறுபடி அதே கதை.

இதற்கு விடை பில்லில் இருக்கும். தாங்கித் தகட்டில் கொள்ளளவு 48 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்பிஜி தாங்கியை 80 வீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. உள்ளே ஒரு மிதவை அந்த இடத்தில் வழியை மூடவேண்டும். 48இல் 80 வீதம் சுமார் 38 லீற்றர். பில்லில் 45 லீற்றர் என்று இருந்தால், அடியில் மிஞ்சியிருந்ததையும் சேர்த்துத் தாங்கி கிட்டத்தட்ட முட்ட நிரம்பியிருக்கிறது. மிதவை சிக்கிவிட்டது என்றே பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டும்.

திரவ எல்பிஜி வெப்பத்தில் நன்றாக வீங்கும். 25 பாகை கூடினால் சுமார் 6, 7 வீதம். மேலே வெற்றிடம் இருந்தால் அது வீக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அழுத்தம் சட்டென ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து காஸை வெளியே விடும். ஐரோப்பிய ஆர்67 தரத் தாங்கிகளில் அது சுமார் 27 பாரில் திறக்கும். கொஞ்சம் போனதும் மூடிக்கொள்ளும். பின்னேரம் சோதித்தால் குமிழி எப்படி வரும்?

பில்லையும் தகட்டையும் ஒப்பிட்டு இப்படித் தெரிந்தால், வானை வெயிலில் நிறுத்தாமல் ஓடிக் காஸைக் குறையுங்கள். மிதவையும் வால்வுகளும் ஒன்றாக இருக்கும் அந்தத் தொகுதியை மாற்றும்வரை "ஃபுல்" என்று சொல்லாமல், லீற்றர் கணக்குச் சொல்லி அடியுங்கள். அடியில் மிஞ்சியதைக் கழித்து 30க்குள் நின்றால் போதும். வீட்டுச் சமையல் சிலிண்டரை ஓட்டோவில் கட்டி ஓடுவது ஏன் மோசம் என்பதும் இதிலேயே விளங்கும்: அதில் இந்த மிதவையும் இல்லை, மின் வால்வும் இல்லை.

மூன்றாவது: தகட்டில் உள்ள திகதி

தகடு தாங்கியிலேயே ஒட்டவைக்கப்பட்டிருக்கும். வானில் ஸ்பெயார் ரயர் இருந்த குழியில் வட்டத் தாங்கி என்றால் மூடியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். கொள்ளளவு, சோதனை அழுத்தம், 80 வீதம் ஆகியவற்றோடு திகதியும் இருக்கும். ஆர்67 தாங்கிகளில் வருடம்தான் முதலில் வரும். 14/03 என்றால் 2014 மார்ச். பலர் அதை மார்ச் 14 என்று வாசித்துவிட்டு வருடத்தை வேறெங்கோ தேடுகிறார்கள்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சோதிப்பது என்பது நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் வாகன எல்பிஜி தாங்கிக்கு 5 வருடம், சிஎன்ஜி சிலிண்டருக்கு 3 வருடம். சிஎன்ஜி சுமார் 200 பாரில் நிற்பதால் அதன் தவணை குறுகியது. இத்தாலி, போலந்து போன்ற நாடுகளில் எல்பிஜி தாங்கியை 10 வருடத்தில் மாற்றவோ மீண்டும் சான்று பெறவோ வேண்டும். பாவித்த கிட்டோடு வாகனம் வாங்குபவர் விலை பேச முதல் இந்தத் திகதியைப் பார்க்கவேண்டும். தகடு இல்லாவிட்டாலோ, பெயின்ற் அடித்து மறைத்திருந்தாலோ, தாங்கியில் வெல்டிங் பிடித்த அடையாளம் தெரிந்தாலோ, புதுத் தாங்கிக்கான காசை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். உப்புக் காற்று படும் கரையோரத்தில் ஓடிய வாகனமென்றால், பட்டி இறுக்கும் இடத்தில் பட்டியைத் தளர்த்தித் துருவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் தங்குவது அங்கேதான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.