டீகோடர் சிப்பில் ஒளிந்திருக்கும் தவறுகள்

கொழும்பில் Z80 நுண்செயலியை வைத்துச் சிறு கணினி கட்டும் மாணவர்களின் பலகைகளில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் சிக்கல் வருகிறது. நினைவகத்தையும் போர்ட்டுகளையும் அதனதன் முகவரியில் உட்கார வைக்கும் 74HC138 டீகோடரைச் சுற்றித்தான். அதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கணினியை முழுவதும் நிறுத்திவிடாது. பாதி வேலை செய்ய விட்டுவிடும், அதுதான் ஆபத்து.

ஒரு வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். 64 கிலோபைட் முகவரி வெளியை எட்டு 8 கிலோபைட் துண்டுகளாகப் பிரிக்கிறோம். Y0 வெளியீடு ரோமுக்கு, அதாவது 0000h முதல் 1FFFh வரை. Y1 ரேமுக்கு, 2000h முதல் 3FFFh வரை. இதற்கு டீகோடரின் A, B, C உள்ளீடுகளுக்கு முறையே A13, A14, A15 போக வேண்டும். A-தான் மிகச் சிறிய பிட். பலர் A15-ஐ முதலில் எடுத்து A-யில் செருகி, தலைகீழாக அடுக்கிவிடுகிறார்கள்.

அப்போது என்ன ஆகும்? 2000h-க்கு A15, A14, A13 மூன்றும் 0, 0, 1. தலைகீழாகப் போனால் அது 1, 0, 0 ஆகி Y4-ஐ இறக்கும். ரேம் 8000h-க்கு நகர்ந்துவிட்டது. ஆனால் 000-ஐத் திருப்பினாலும் 000தானே, அதனால் ரோம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நிரலும் ஓடத் தொடங்குகிறது. முதல் CALL வந்து RET திரும்பும்போதுதான் எல்லாம் சிதறும். பழி ரேம் சிப்பின் மேல் விழும், புறக்கோட்டைக்குப் போய் இன்னொன்று வாங்கி வருவார்கள்.

வாங்குவதற்கு முன், தரவுத் தடங்களில் 10 கிலோ ஓம் புல்-அப் மின்தடைகளைப் போட்டுவிட்டு, CALL எதுவும் இல்லாத இதை ஓட்டிப் பாருங்கள்:

```
LD  A,55h
LD  (2000h),A
LD  A,(2000h)
OUT (00h),A
HALT
```

00h போர்ட்டின் எல்இடிகளில் FFh வந்தால் அந்த முகவரியில் யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். அப்புறம் 2000h-ஐ 8000h ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். 55h வந்தால் குற்றவாளி பிடிபட்டான்.

இன்னொரு பொறி பெயரில் இருக்கிறது. சில நிறுவனங்களின் தரவுத்தாள்களில் A, B, C என்பதற்குப் பதில் A0, A1, A2 என்று இருக்கும். அதைப் பார்த்து Z80-இன் A0, A1, A2-ஐயே இழுத்துவிட்டால் அடுத்தடுத்த பைட்டுகள் வெவ்வேறு சிப்புகளுக்குப் போகும். பெயரை விட்டுவிட்டு 1, 2, 3 என்ற பின் எண்களைப் பார்த்து இணையுங்கள்.

அடுத்தது செயலூக்கப் பின்கள். நினைவக டீகோடரின் 4ஆம் பின்னுக்கு MREQ போக வேண்டும். அதைத் தரையில் கட்டிவிடுகிறவர்கள் உண்டு, நினைவகம் அப்போதும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் Z80 `OUT (00h),A` செய்யும்போது A பதிவேட்டில் உள்ளது A8 முதல் A15 வரையான தடங்களிலும் வருகிறது. A-யில் 25h இருந்தால் தடத்தில் 2500h நிற்கும், WR-உம் இறங்கும், ரேமில் அந்த இடம் அழிந்துபோகும். வாசிக்கும்போதும் அப்படித்தான்: `IN A,(00h)` வரும் நேரத்தில் A 20h-க்குக் குறைவாக இருந்தால் ரோமும் போர்ட்டும் ஒரே தடத்தில் மோதும். A-யின் மதிப்பைப் பொறுத்துப் பிழை வந்து வந்து போகிறதா? முதலில் MREQ-ஐச் சந்தேகியுங்கள்.

போர்ட்டுகளுக்கான இரண்டாவது 138-இல் IORQ மட்டும் போதாது. குறுக்கீட்டை ஏற்கும்போது Z80 M1-ஐயும் IORQ-ஐயும் சேர்த்தே இறக்குகிறது, முகவரித் தடங்களிலோ நிரல் எண்ணியின் மதிப்பு நிற்கிறது. Y0-ஐ நேராக 74HC374 லாட்ச்சின் கடிகாரத்துக்குக் கொடுத்திருந்தால், அந்த மதிப்பு போர்ட்டின் முகவரியோடு பொருந்தும்போதெல்லாம் லாட்ச் எதையோ பிடித்துக்கொள்ளும். குறுக்கீடு இல்லாதவரை எல்லாம் சரியாகத் தெரியும், EI போட்ட பிறகு எல்இடிகள் தாமாக எரியும். M1-ஐ 6ஆம் பின்னுக்குக் கொடுத்தால் குறுக்கீட்டின்போது டீகோடர் வாய் திறக்காது. அத்துடன் Y0-ஐயும் WR-ஐயும் 74HC32-இன் ஒரு OR கேட்டில் சேர்த்து அந்த வெளியீட்டை லாட்ச்சுக்குக் கொடுங்கள். இல்லையேல் அதே முகவரியில் IN செய்தாலும் லாட்ச் மாறும்.

நினைவக டீகோடரின் இந்தத் தவறுகளை Z80-ஐச் செருகுவதற்கு முன்பே பிடிக்கலாம். சாக்கெட்டில் A13, A14, A15-ஐ வயரால் 5 வோல்ட்டுக்கோ தரைக்கோ மாற்றி மாற்றிக் கொடுத்து, MREQ-ஐத் தரையில் வைத்து, எட்டு வெளியீடுகளையும் மீட்டரால் அளந்து பாருங்கள். A13 மட்டும் உயரும்போது 14ஆம் பின், அதாவது Y1, இறங்க வேண்டும். பிறகு MREQ-ஐ உயர்த்துங்கள், எட்டும் உயர்ந்தே நிற்க வேண்டும்.